போச்ட் எக்: உடைத்தவித்த முட்டை

ஓட்டை உடைத்து, உள்ளிருப்பதை வெந்நீரில் நேரே இட்டு அவித்த முட்டைதான் போச்ட் எக். வெள்ளைக்கரு இறுகியும் மஞ்சள்கரு வழியும் பதத்திலும் இருக்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் அவிச்ச முட்டை என்றால் ஓட்டோடு அவித்தது, முட்டைப் பொரியல் என்றால் எண்ணெயில் பொரித்தது. இது இரண்டிலும் சேராது.

பழைய பிரெஞ்சில் 'போஷ்' என்றால் பை. வெள்ளைக்கரு மஞ்சளைப் பைக்குள் போட்டதுபோல மூடிக்கொள்வதால் வந்த பெயர். பாக்கெட், பவுச் என்ற சொற்களும் அதே குடும்பம்தான். நம்முடைய 'பொதி' ஒலியிலும் பொருளிலும் கிட்ட வந்தாலும் உறவில்லை. பொதிமுட்டை என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் இங்கே பொதி என்றதும் மூட்டைதான் நினைவுக்கு வரும். 'உடைத்தவித்த முட்டை' என்றால் செய்முறையே பெயரில் இருக்கிறது.

சரி, தண்ணீர் எவ்வளவு சுடவேண்டும்? 80 முதல் 85 பாகை செல்சியஸ். வெள்ளைக்கரு 62 பாகையளவில் பால்நிறமாகத் தொடங்கினாலும், அதிலுள்ள முக்கிய புரதமான ஓவால்புமின் இறுக 80 பாகை வரை வேண்டும். மஞ்சள்கருவோ 70 பாகையளவிலேயே கட்டியாகிவிடும். பிறகு எப்படி மஞ்சள் வழிகிறது? சூடு வெளியிலிருந்து வருவதால் மஞ்சளைக் கடைசியாகத்தான் எட்டும். அது எட்டுமுன் முட்டையை எடுத்துவிடவேண்டும், அவ்வளவுதான். கொதிக்கிற தண்ணீரென்றால், வெள்ளை இறுகுமுன்னே குமிழிகள் அதைப் பிய்த்து நூல்நூலாக்கிவிடும்.

வெப்பமானி இல்லையென்றால் கண்ணால் பார்க்கலாம். அகன்ற சட்டியில் நாலு விரல் ஆழத்துக்குத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, நெருப்பைக் குறையுங்கள். சட்டியின் அடியில் சின்னக் குமிழிகள் ஒட்டியிருக்க, ஒன்றிரண்டு மட்டும் மேலே வந்தால் அதுதான் பதம்.

முட்டையை நேரே சட்டிக்குள் உடைக்காமல் தேத்தண்ணி வடியில் உடைத்து அரை நிமிடம் விடுங்கள். நீர்த்த வெள்ளை கீழே வடிந்து, மஞ்சளைச் சுற்றியுள்ள கெட்டி வெள்ளை மட்டும் தங்கும். சட்டியில் நுரையாகப் பரவுவது அந்த நீர்த்த பகுதிதான். முட்டை பழசாகப் பழசாக அது கூடும். நம் வெக்கையில் வெளியே வைத்த முட்டையில் இன்னும் சீக்கிரம் கூடும். அதனால் தண்ணீரில் விடும் வினாகிரியை நம்புவதைவிடப் புது முட்டையைத் தேடுவதே மேல். வினாகிரி வெள்ளையைச் சீக்கிரம் இறுக்கும்தான், ஆனால் கூடினால் புளிக்கும்.

வடித்ததைச் சின்னக் கோப்பைக்கு மாற்றி, கோப்பையின் விளிம்பு தண்ணீரைத் தொடும்படி பிடித்து மெல்லச் சரியுங்கள். கடை முட்டைக்கு மூன்றரை முதல் நாலு நிமிடம். ஊர்க்கோழி முட்டை சிறிது, மூன்று நிமிடத்திலேயே பாருங்கள். துளைக் கரண்டியில் எடுத்து விரலால் தொட்டால் வெள்ளை உறுதியாகவும் நடு மெத்தென்றும் இருக்கும். மஞ்சளையொட்டிய வெள்ளை இன்னும் கண்ணாடிபோலத் தெரிந்தால் மறுபடி இறக்கி அரை நிமிடம் விடுங்கள். நடுவும் வெள்ளையைப் போலவே உறுதியாக இருந்தால் மஞ்சள் வெந்துவிட்டது, அதை மீட்க வழியில்லை.

துணியில் ஒற்றிவிட்டு ரோஸ் பாணின்மேல் வைத்துச் சாப்பிடலாம். மஞ்சள் வழிகிற முட்டையில் சால்மொனெல்லா கிருமி சாகாமல் இருக்கக்கூடும். கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் முழுதாக வேகவைத்தே கொடுங்கள்.