நூறு வாங்கினால் பதினொன்றா?

கும்பகோணத்தில் வீடு வீடாக ஃபைபர் இணைப்பு கொடுப்பதும், பழுது பார்ப்பதும் என் வேலை. எனக்கு வரும் புகார்களில் ஒன்றுக்கு மட்டும் கருவிப்பையைத் திறக்கவே வேண்டியிருக்காது. சில மாதங்களுக்கு முன் ஒரு ஸ்டூடியோக்காரர் அதைத்தான் சொன்னார். கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறவர் அவருக்கு 1.4 ஜிபி கோப்பு ஒன்றை அனுப்பியிருந்தார். குரோமில் அதை இறக்கும்போது ஓரத்தில் 11.2 MB/s என்று ஓடிக்கொண்டிருந்தது.

"தம்பி, நூறு என்று சொல்லி மாதாமாதம் பணம் வாங்குகிறீர்கள். இதோ பாருங்கள், பதினொன்றுதான் வருகிறது. மீதி எண்பத்தொன்பது எங்கே போகிறது?"

கோப்பு 14 விநாடியில் இறங்கிவிடும் என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார். ஆனால் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேலே ஆனது. அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது, கணக்கில்தான் பிழை. அந்தப் பிழைக்குப் பாதிக் காரணம் நம் நாக்கு. Mb என்பதையும் நாம் 'எம்பி' என்கிறோம், MB என்பதையும் 'எம்பி' என்கிறோம். எழுதினாலும் அப்படித்தான், தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே கிடையாது. 'நூறு எம்பி பிளான்' என்று கடையில் கேட்டு வாங்குகிறவர், திரையில் வேறொரு 'எம்பி'யைப் பார்க்கிறார் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

சிறிய b என்றால் பிட், பெரிய B என்றால் பைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஸ்டூடியோக்காரருக்கு வயது அறுபதுக்கு மேல் என்பதால், அவர் வீட்டு அளவையே எடுத்துக்கொண்டேன். எட்டு ஆழாக்கு ஒரு படி. இணைய நிறுவனம் ஆழாக்கில் அளந்து விற்கிறது, பிரவுசர் படியில் அளந்து காட்டுகிறது. நூறு ஆழாக்கு அரிசி வாங்கிவந்து படியால் அளந்தால் பன்னிரண்டரைப் படிதான் வரும். கடைக்காரன் ஏமாற்றவில்லை. இதைக் கேட்டதும் அவர் சிரித்துவிட்டார்.

இந்தக் குழப்பம் வரும் என்று அன்றைக்கே ஒருவர் எண்ணியிருக்கிறார். 'பைட்' என்ற சொல்லை 1956-ல் உருவாக்கியவர் ஐபிஎம் பொறியாளர் வெர்னர் புக்ஹோல்ஸ். ஆங்கிலத்தில் bite என்றே எழுதினால் கைதவறி ஓர் எழுத்து விட்டுப்போய் bit ஆகிவிடும் என்றுதான் நடுவில் y போட்டு byte ஆக்கினார். பிறகு வந்தவர்கள் இரண்டையும் ஒற்றை b-யாகச் சுருக்கி, அந்த முன்யோசனையை வீணாக்கிவிட்டார்கள்.

அளவை ஒன்றாகவே வைத்துக்கொண்டால் என்ன என்று பலரும் கேட்கிறார்கள். கம்பியில் தகவல் பிட் பிட்டாகத்தான் போகிறது, ஆகவே தொலைத்தொடர்புக்காரர்கள் பிட்டையே எண்ணுகிறார்கள். பைட் தொடக்கத்தில் எல்லா இயந்திரத்திலும் எட்டு பிட்டாக இருந்ததும் இல்லை, ஆறும் உண்டு, ஒன்பதும் உண்டு. சேமிக்கிறவர்களுக்கோ பைட்தான் அலகு. நூறு என்று எழுதினால் பன்னிரண்டரையைவிடப் பெரிதாகத் தெரிகிறது என்பது விற்கிறவர்களுக்குக் கிடைத்த வசதி. அதை அவர்கள் விட்டுக்கொடுப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

சரி, பன்னிரண்டரை வந்தாக வேண்டுமே, ஏன் 11.2? ஸ்டூடியோக்காரரும் அதைக் கேட்டார். இரண்டு இடத்தில் குறைகிறது.

முதலாவது, உறை. கோப்பு முழுசாக ஒரே மூட்டையாக வருவதில்லை. சுமார் 1460 பைட் அளவுள்ள துண்டுகளாக நறுக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டும் தனித்தனி உறைக்குள் வருகிறது. யாரிடமிருந்து, யாருக்கு, எத்தனையாவது துண்டு என்ற விலாசமெல்லாம் அந்த உறையின்மேல் இருக்கும். ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவே விடவேண்டிய இடைவெளியையும் சேர்த்தால், ஈதர்நெட் கம்பியில் ஒவ்வொரு துண்டும் 1538 பைட் இடத்தை அடைக்கிறது. கம்பியின் நூறு பங்கில் ஏறக்குறைய ஐந்து பங்கு உறைக்கே போய்விடுகிறது. பன்னிரண்டரை இங்கே 11.9 ஆகிவிடும்.

இரண்டாவது, 'மெகா' என்ற சொல். இணைய நிறுவனத்துக்கு மெகா என்றால் பத்து லட்சம். குரோம், ஃபயர்பாக்ஸ், விண்டோஸ் ஆகியவை எண்ணும் மெகாபைட்டோ 1024-ஐ 1024-ஆல் பெருக்கி வருவது, அதாவது பத்து லட்சத்து நாற்பத்தெட்டாயிரத்துச் சொச்சம். படியே கொஞ்சம் பெரிய படி. அதனால் 11.9 திரையில் 11.3 ஆகத் தெரிகிறது. அங்கங்கே சில பைட்டுகள் கூடக்குறையப் போகும் என்பதால், நூறு திட்டத்தில் 11.2 என்பது குறையில்லாத எண். சந்தேகம் தீராதவர்கள், கோப்பு இறங்கிக்கொண்டிருக்கும்போதே விண்டோஸில் Task Manager-ஐத் திறந்து Performance பக்கத்தில் Ethernet-ஐப் பார்க்கலாம். பிரவுசர் 11.2 MB/s காட்டும் அதே நொடியில் அது தொண்ணூறுக்கு மேல் Mbps காட்டும். ஒரே ஓட்டம், இரண்டு அளவை.

இத்துடன் முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன். 'எட்டால் வகுங்கள்' என்ற பாடத்தை இப்போது பலரும் அறிவார்கள். என்னை இதை எழுத வைத்தது, அந்தப் பாடத்தைக் கிளிப்பிள்ளைபோல ஒப்பித்து நானே செய்த ஒரு தவறு.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் போனில் கூப்பிட்டார். கணினியில் எதை இறக்கினாலும் 11.3-க்கு மேல் போவதில்லை, பத்து நாளாக டயரியில் குறித்துவருகிறேன் என்றார். அந்த வாரம் அது எனக்கு ஐந்தாவது அழைப்பு. "சார், அது மெகாபைட். எட்டால் பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மறுநாள் காலையிலேயே மறுபடியும் அழைத்தார். "பெருக்கிவிட்டேன் தம்பி. தொண்ணூறு வருகிறது. நான் பணம் கட்டுவது இருநூறுக்கு."

அவர் எந்தத் திட்டத்தில் இருக்கிறார் என்று நான் கேட்கவே இல்லை. 11.3 என்ற எண்ணைக் கேட்டதும் வாய் தானாகப் பதில் சொல்லிவிட்டது. ஸ்டூடியோவில் ஆரோக்கியத்தின் அடையாளமாக இருந்த எண், இந்த வீட்டில் நோயின் அடையாளம்.

அந்த எண்ணுக்கு இன்னொரு குணமும் உண்டு. பாதி வேகம் வருகிறது என்றால் பதிமூன்று, ஒன்பது என்று எப்படி வேண்டுமானாலும் ஆடலாம். பத்து நாளும் 11.3-லேயே சுவரில் முட்டியதுபோல நின்றால், வழியில் எங்கேயோ ஓர் ஈதர்நெட் இணைப்பு 100 Mbps-க்கு இறங்கிவிட்டது என்று பொருள். மேலே போட்ட கணக்கேதான், நூறு மெகாபிட் கம்பியின் உச்சம் பிரவுசரில் 11.3. நேரில் போனதும் முதலில் அவருடைய கைப்பேசியை ரூட்டருக்குப் பக்கத்தில் வைத்து, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் சோதித்தேன். 190-ஐத் தாண்டியது. ஆகவே ரூட்டர் வரைக்கும் இருநூறும் வந்துசேர்கிறது. பிறகு கணினியில் பவர்ஷெல்லைத் திறந்து இதைத் தட்டினேன்:

```
Get-NetAdapter | Select-Object Name, LinkSpeed
```

Ethernet என்ற பெயருக்கு நேரே 100 Mbps என்று வந்தது. 1 Gbps வந்திருக்க வேண்டும்.

ரூட்டரிலிருந்து மேசைக்கு வரும் கம்பிக்குள் எட்டு இழைகள் இருக்கின்றன. நூறு மெகாபிட்டுக்கு அவற்றில் நான்கே போதும்: 1, 2, 3, 6. ஆயிரத்துக்கு எட்டும் வேண்டும். மற்ற நான்கில் ஒன்று அறுந்தாலும் இணைப்பு அறுபடுவதில்லை. பெரும்பாலான கருவிகள் சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கி ஓடிக்கொண்டிருக்கும், எந்த எச்சரிக்கையும் வராது. கேபிள் டெஸ்டரின் இரு முனைகளையும் செருகினேன். ஒன்று முதல் ஆறு வரை விளக்குகள் வரிசையாக எரிந்தன, ஏழு எரியவில்லை, எட்டு எரிந்தது. மேசைப்பக்கத்து முனையில் வெள்ளைப் பழுப்பு இழை உள்ளே சரியாகப் பதியாமல் இருந்தது. அந்த முனையை வெட்டிவிட்டு வேறு கனெக்டர் போட்டேன். அந்த முனையை முதலில் போட்டவன் யார் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கம்பியில் குறையில்லை என்றால் துளையைப் பார்க்க வேண்டும். மலிவான பல ஃபைபர் பெட்டிகளில் ஒரேயொரு துளைதான் ஆயிரத்துக்கு, மற்றவை நூறோடு நின்றுவிடும். ஆயிரத்துக்கான துளையின் அருகே பெரும்பாலும் GE என்றும், நூறுக்கானதில் FE என்றும் அச்சிட்டிருப்பார்கள். இருநூறு, முந்நூறு திட்டம் எடுத்துவிட்டு FE துளையில் செருகியிருக்கும் வீடுகளை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். மாற்றிச் செருக ஒரு நிமிடம்கூட ஆகாது.

எண் பதினொன்றுக்கும் கீழே ஐந்து, ஆறு என்று நின்றால் அது வேறு கதை. பெரும்பாலும் கருவி 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இருக்கும். பல கைப்பேசிகள் அதில் 72 Mbps என்று காட்டினாலும், கோப்பு இறங்குவதற்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தாலே அதிகம். ஒரு குறிப்பிட்ட தளத்திலிருந்து இறக்கும்போது மட்டும் குறைந்து, மற்ற இடங்களில் சரியாக வந்தால், அந்தத் தளமே ஒவ்வொருவருக்கும் இவ்வளவுதான் என்று அளந்து ஊற்றுகிறது. அதற்கு நான் வந்து செய்வதற்கு ஒன்றும் இல்லை.

புது கனெக்டர் போட்டபின் அதே கட்டளையைத் தட்டியபோது 1 Gbps என்று வந்தது. தலைமையாசிரியர் பழைய கோப்பையே மறுபடி இறக்கச் சொன்னார். 22.6 MB/s. டயரியைத் திறந்து தேதி போட்டு எழுதிக்கொண்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இருநூறை எட்டால் வகுத்தால் இருபத்தைந்து அல்லவா தம்பி, மீதி 2.4 எங்கே?" என்றார். உறைக் கணக்கைச் சொல்ல அவரிடமே ஒரு தாள் கேட்டு உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து காப்பி வந்தது.