தாத்தா போனில் எழுத்து பெரிதானது, பட்டன் ஏன் ஆகவில்லை?

தாத்தா கையை முழுக்க நீட்டி, தலையைப் பின்னால் சாய்த்துத்தான் மெசேஜ் படிப்பார். வெள்ளெழுத்து. பக்கத்தில் இருப்பதைப் பார்க்கக் கண்ணின் லென்ஸ் கொஞ்சம் உப்ப வேண்டும், வயதாக ஆக அது இறுகிப்போவதால் உப்ப முடிவதில்லை, அதனால் தெளிவாகத் தெரிகிற தூரம் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறது. ஆனால் 25 செ.மீ.யில் பிடித்த போனை 50 செ.மீ.க்குத் தள்ளினால், விழித்திரையில் விழும் எழுத்தின் உயரம் பாதியாகிவிடும். கண்ணாடி போட்டால் தெரியும்தான், மெசேஜ் வரும்போதெல்லாம் கண்ணாடி பக்கத்தில் இருக்க வேண்டுமே.

"இதைப் படிச்சுச் சொல்லுடா" என்று நீட்டிய போனை வாங்கினேன். ஆண்ட்ராய்டு 13. செட்டிங்ஸில் Font size என்ற அளவைக் கடைசி வரை தள்ளினேன். மெசேஜ் எழுத்து பெரிதானது, அவருக்குச் சந்தோஷம். இரண்டு நிமிடம் கழித்து, "எழுத்து தெரியுது, ஆனா அனுப்புற அந்தக் குட்டிப் படம் எங்க இருக்கு?" என்றார். ஐகான்கள் பழைய அளவிலேயே இருந்தன.

இதற்குக் காரணம், செயலியை எழுதுபவர்கள் அளவுகளை இரண்டு அலகுகளில் கொடுப்பதுதான். ஐகானுக்கு 48dp என்று எழுதுவார்கள், எழுத்துக்கு 16sp. இரண்டும் அடிப்படையில் ஒன்றே, ஓர் அங்குலத்தில் ஏறத்தாழ 160ல் ஒரு பங்கு. ஆனால் sp மட்டும் நாம் தேர்ந்தெடுத்த எழுத்து அளவால் கூடுதலாகப் பெருக்கப்படும். போன் போடும் கணக்கு கீழே. px என்பது பிக்சல், dpi என்பது ஓர் அங்குலத்தில் எத்தனை பிக்சல் என்ற எண், fontScale என்பது நாம் தேர்ந்தெடுத்த எழுத்து அளவின் மடங்கு:

```
dp: px = dp × dpi / 160
sp: px = sp × fontScale × dpi / 160
```

தாத்தா போனின் திரை அகலம் 1080 பிக்சல், dpi 480. அப்படியானால் ஒரு dp என்பது 3 பிக்சல், 16sp எழுத்து 48 பிக்சல். Font size கடைசிக்குப் போனதும் fontScale 1.3 ஆனது, எழுத்து சுமார் 62 பிக்சல். ஐகானின் கணக்கில் fontScale வரவே இல்லை, அது 144 பிக்சலிலேயே நின்றுவிட்டது.

ஐகானை மாற்ற Display size என்ற இன்னொரு அளவு இருக்கிறது. அது செய்கிற வேலை எனக்கு மிகவும் பிடிக்கும்: திரை கொஞ்சமும் மாறாது, dpi எண்ணை மட்டும் கூட்டி, தன் பிக்சல்கள் இன்னும் நெருக்கமாக இருக்கின்றன என்று போனையே நம்ப வைக்கிறது. 480ஐ 540 ஆக்கினால் ஒரு dp 3.375 பிக்சல், ஐகான் 162 பிக்சல். எழுத்தின் கணக்கிலும் dpi இருப்பதால் அதுவும் சேர்ந்து வளர்ந்து 70 பிக்சலைத் தொடும். ஆக மொத்தம் எழுத்து கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு.

இதற்கு விலை உண்டு. அதே 1080 பிக்சல் திரை முன்பு 360dp அகலம், இப்போது 320dp தான். எழுத்து ஒன்றரை மடங்கு அகலமானதால் வரிகள் கூடுகின்றன, ஒவ்வொரு வரியும் ஒன்றரை மடங்கு உயரம், அதனால் ஒரே மெசேஜ் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கிறது. ஒரு செயலியில் கீழே இருந்த "சரி" பட்டன் திரைக்கு வெளியே போய்விட்டது, அந்தப் பக்கம் உருட்டினாலும் நகரவில்லை.

தமிழில் இன்னொரு தொல்லையும் வரும். பட்டனின் உயரத்தை dp-யில் இறுக்கி வைத்துவிட்டு உள்ளே எழுத்தை sp-யில் போட்டால், எழுத்து வளரும், பெட்டி வளராது. "அனுப்பு" என்ற சொல்லில் மேலே புள்ளி, கீழே உகரத்தின் கால், இரண்டும் விளிம்பில் வெட்டுப்பட்டு "அனபப" மாதிரித் தெரியும். அப்படித் தெரிந்தால் குற்றம் அந்தச் செயலியுடையது, கண்ணுடையது இல்லை.

அப்புறம் என்ன செய்தேன்? Font size கடைசியிலேயே இருக்கட்டும் என்று விட்டு, Display size-ஐ ஒரு படி குறைத்தேன். செட்டிங்ஸ் காட்டும் மாதிரி வரியை நம்பவில்லை. உண்மையான மெசேஜ் ஒன்றைத் திறந்து, தாத்தா எந்தத் தூரத்தில் பிடிக்கிறாரோ அங்கேயே பிடிக்கச் சொல்லி, அவர் திக்காமல் படிக்கும் வரை சரிபார்த்தேன். ஆண்ட்ராய்டு 14ல் எழுத்தை 200 சதவீதம் வரை கூட்டலாம், அதில் சின்ன எழுத்துதான் முழுசாக வளரும், ஏற்கெனவே பெரிதாக இருக்கும் தலைப்புகள் குறைவாகவே வளரும், இடம் அடைபடாமல் இருக்க.

மறுநாள் மறுபடி வந்தார். "இது மட்டும் பெருசாகலியே?" யாரோ அனுப்பிய வாழ்த்துப் படம், அதற்குள் நாலு வரி. படத்துக்குள் இருப்பது வெறும் பிக்சல், அதற்கு sp கிடையாது, Font size-ஐ எவ்வளவு தள்ளினாலும் அசையாது. Magnification-ஐ இயக்கி, திரையை மூன்று முறை தட்டக் கற்றுக்கொடுத்தேன். "ரெண்டு தடவை தட்டினா போதாதா?" என்று கேட்டுக்கொண்டே மூன்றாவது முறையும் தட்டினார், நாலு வரியையும் சத்தமாகப் படித்தார்.