ஒரே போத்தலில் இரண்டு தடிகள்

கைப்பேசியில் வந்த ஒரு படம். ஜன்னல் ஓரத்தில் கண்ணாடிப் போத்தல், அதில் முக்கால்வாசி கிணற்றுத் தண்ணீர். உள்ளே ஒரு மணிபிளான்ட் கொடியும் மொட்டோடு வெட்டிய செவ்வரத்தைக் கொப்பும் நிற்கின்றன. மாதம் ஆடி, வெளியே கச்சான் வீசுகிறது. "இரண்டும் வேர் விடுமா?" என்பது கேள்வி.

முதலில் கணுவைத் தேட வேண்டும். இலை தண்டோடு சேரும் இடமே கணு. படத்தைப் பெரிதாக்கினால் மணிபிளான்டின் கணுவில், இலைக் காம்புக்கு எதிர்ப்புறமாக, பழுப்பு நிறத்தில் சிறு குமிழ் தெரியும். அது முன்பே உருவாகிக் காத்திருக்கும் வேர். அந்தக் கணு தண்ணீருக்குள் இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் நீளும். கணு தண்ணீருக்கு மேலே நின்று, வெறும் இடைத்தண்டு மட்டும் நனைந்தால் ஒன்றும் நடக்காது. காம்போடு கிள்ளிய தனி இலையும் மாதக்கணக்கில் பச்சையாக நிற்கும், ஆனால் புதுக் குருத்து வராது. குருத்து விடும் மொட்டு கணுவில்தான் இருக்கிறது, இலையில் இல்லை.

செவ்வரத்தையின் கணுவில் அப்படி ஆயத்தமான வேர் கிடையாது. வெட்டுக்காயத்தின் அருகே அதைப் புதிதாக உருவாக்க வேண்டும். இளம் இலைகளும் குருத்துகளும் சுரக்கும் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் தண்டின் அடியை நோக்கியே இறங்கி, வெட்டிய இடத்தில் தேங்கி, அங்கே வேரைத் தூண்டுகிறது. தடியைத் தலைகீழாக நட்டால் சரிவராததற்குக் காரணம் இதுதான். இலை உதிர்ந்த தடியில் எது மேல்பக்கம் என்று குழப்பம் வந்தால் கணுவைப் பாருங்கள்: இலை விழுந்த தழும்பு கீழே இருக்கும், சிறு மொட்டு அதற்கு மேலே இருக்கும். படம் அனுப்புகிறவர்கள் தடிக்குப் பக்கத்தில் ஒரு பேனையை வைத்து, அடிவெட்டையும் கிட்டத்தில் எடுத்தால் பாதிக் கேள்விகள் தீர்ந்துவிடும்.

நம் படத்தில் செவ்வரத்தைக் கொப்பின் அடிவெட்டு கடைசிக் கணுவிலிருந்து நாலு விரல் தள்ளி இருக்கிறது. அந்த வெறும் வால்தான் முதலில் அழுகும். தண்ணீரும் இங்கே உதவாது. சூடு கூடக் கூட நீரில் கரையும் ஒட்சிசன் குறையும்: 20 பாகையில் லீற்றருக்கு 9 மில்லிகிராம் அளவு, 30 பாகையில் ஏழரை. வேர் பிறக்கும் இடத்துக்கு மூச்சு வேண்டும். மணிபிளான்ட் இதைத் தாங்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருதரம் தண்ணீரை மாற்றினால் அதற்குப் போதும். செவ்வரத்தை தண்ணீரிலும் சிலவேளை வேர் விடும், ஆனால் ஆடி வெயிலில் அழுகலே முந்தும். தண்ணீருக்குள் தண்டில் வெள்ளைப் புள்ளிகள் புடைத்தால் வேர் என்று மகிழ வேண்டாம். அவை மூச்சுத் துளைகள் வீங்கியவை.

ஆகவே கொடி போத்தலிலேயே நிற்கட்டும், கொப்பு மணலுக்குப் போகட்டும். பென்சில் பருமனான பகுதியில் ஐந்து ஆறு அங்குலம் எடுத்து, ஒரு கணுவுக்கு அரை சென்ரிமீற்றர் கீழே கூரான கத்தியால் வெட்டுங்கள். மொட்டுகளைக் கிள்ளிவிடுங்கள், அவை உணவை இழுக்கும். நுனியில் இரண்டு இலை போதும், அவற்றையும் பாதியாக வெட்டுங்கள். கழுவிய ஆற்றுமணலில் மூன்றில் ஒரு பங்கு மக்கிய எரு கலந்து, இரண்டு கணு புதையும்படி நடுங்கள். வயல் களிமண் வேண்டாம், அது இறுகிக் காற்றை அடைத்துவிடும். வேர் இல்லாத தடியில் இலை இழக்கும் நீரை ஈடுசெய்ய வழியில்லை. கச்சான் காற்றில் ஒரே பகலில் சுருண்டுவிடும். அடி வெட்டிய பிளாஸ்ரிக் போத்தலால் மூடி, மாமர நிழலில் வையுங்கள். வெயிலில் வைத்தால் உள்ளே அவிந்துவிடும்.

இரண்டு வாரத்தில் குருத்து வந்தாலும் பிடுங்கிப் பார்க்காதீர்கள். தண்டில் சேமித்த உணவே அந்தக் குருத்தை விடும், வேர் இன்னும் இருக்காது. ஒரு மாதத்துக்குப் பின் மெல்ல இழுக்கும்போது தடி பிடித்து நின்றால்தான் வேர். அடி கறுத்து மென்மையாகி மணத்தால், பச்சை தெரியும் வரை வெட்டிப் புது மணலில் நடலாம். கறுப்பு மேல் கணுவைத் தாண்டியிருந்தால் எறிந்துவிடுங்கள்.

அவசரமில்லாவிட்டால் கொப்பை மரத்திலேயே விட்டு, புரட்டாசிக் கடைசியில் வெட்டலாம். கிளுவைக் கதியாலும் மாரி தொடங்கும்போதுதானே போடுகிறோம். ஆனால் கதியாலுக்கு இலை இல்லை, பருமனான தண்டில் உணவும் நிறைய இருக்கிறது. அது வெட்டவெளியில் நிற்கும். இலையோடு நிற்கும் செவ்வரத்தைத் தடிக்கு அந்தத் தெம்பில்லை. ஐப்பசி ஈரக்காற்று அதற்கு வாய்ப்பு, கார்த்திகை அடைமழை ஆபத்து. பூச்சாடியைத் தாழ்வாரத்துக்குள் இழுத்து, அடித்துளை அடைபடாமல் இரண்டு ஓட்டுத்துண்டின் மேல் தூக்கி வையுங்கள்.

மணிபிளான்டையும் மண்ணுக்கு மாற்ற எண்ணினால் வேர் ஓர் அங்குலம் வந்ததும் மாற்றுங்கள். தண்ணீரில் வளர்ந்த வேர் லேசில் முறியும், வேர்மயிரும் குறைவு. நீளவிட்டு மாற்றினால் அதில் பாதி மண்ணில் செத்துப்போகும், கொடியும் சில நாள் வாடும். முதல் பத்து நாள் மண் காயாமல் பார்த்துக்கொண்டால் புது வேர் வந்து பிடித்துக்கொள்ளும்.