டெண்டர் நிபந்தனைகளும் இணக்க அட்டவணையும்

மென்பொருள் சேவைக்கான ஒப்பந்தப்புள்ளியைப் பரிசீலிக்கும் குழுவினர், கையில் ஒரு மதிப்பெண் தாளை வைத்துக்கொண்டு, கேட்டது ஒவ்வொன்றுக்கும் பதில் எங்கே இருக்கிறது என்று தேடுவார்கள். அந்தத் தேடலை எளிதாக்குவதே, ஒப்பந்தப்புள்ளி அளிப்பவர் அதனுடன் இணைக்கும் இணக்க அட்டவணையின் வேலை. டெண்டரின் பிரிவு எண், நிபந்தனையின் வாசகம், முழு இணக்கமா பகுதி இணக்கமா இணக்கமில்லையா என்ற நிலை, பதில், சான்று உள்ள பக்க எண் ஆகியவை அதன் பத்திகள். வாசகத்தைச் சுருக்காமல் அப்படியே எடுத்தெழுத வேண்டும். சுருக்கும்போதுதான் நிபந்தனைகள் காணாமல் போகின்றன.

ஒரு பிரிவு எண்ணுக்கு ஒரு வரிசை போதும் என்று நினைப்பதுதான் பலரும் செய்யும் பிழை. எடுத்துக்காட்டாக, ஒரு டெண்டரின் 4.3 ஆம் பிரிவு இப்படி இருப்பதாகக் கொள்வோம்: “சேவை மாதந்தோறும் 99.5 சதவீத நேரம் இயங்க வேண்டும். பராமரிப்புப் பணிகள் அலுவலக நேரத்துக்கு வெளியே, முன்னறிவிப்புடன் நடைபெற வேண்டும். இயக்க அறிக்கை மாதம் ஒருமுறை அளிக்கப்பட வேண்டும்.” இதில் இருப்பவை நான்கு நிபந்தனைகள்: இயங்கு நேரம், பராமரிப்பு நேரம், முன்னறிவிப்பு, அறிக்கை. ஆகவே 4.3-அ முதல் 4.3-ஈ வரை நான்கு வரிசைகள் தேவை. ஒரே வரிசையில் “ஏற்கிறோம்” என்று எழுதினால், முன்னறிவிப்பு எத்தனை நாள் என்பதை யாரும் யோசிக்காமலே கையெழுத்திட்டுவிடுவார்கள்.

இயங்கு நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். 30 நாள் மாதத்தில் மொத்தம் 720 மணி நேரம், அதில் 0.5 சதவீதம் என்பது 3 மணி 36 நிமிடம். பராமரிப்புக்காக நிறுத்தும் நேரமும் இந்தக் கணக்கில் சேருமா என்பதை இந்த வாசகம் சொல்லவில்லை. மாதம் ஒருமுறை 4 மணி நேரம் பராமரிப்புக்கு நிறுத்துபவர், அது சேருமானால், வேறு எந்தக் கோளாறும் இல்லாமலேயே நிபந்தனையை மீறியவராவார். எனவே விளக்கம் கேட்பதற்கான கடைசி நாளுக்குள் இதை எழுத்துமூலம் கேட்டுப் பெற வேண்டும். தாமாக ஒரு பொருளை ஊகித்துக்கொண்டு விலையைக் குறிப்பது பின்னர் அபராதத்தில் கொண்டுபோய் விடும்.

பராமரிப்பு சேராது என்று விளக்கம் வந்தால், பதில் இவ்வாறு அமையலாம்: “முழு இணக்கம். இரண்டு சர்வர்கள் இணையாக இயங்கும். ஒன்று நின்றால் மற்றது பணியை ஏற்கும். இயங்கு நேரம் நிமிடத்துக்கு ஒருமுறை தானியங்கிச் சோதனையால் அளக்கப்படும். வடிவமைப்பு: பக்கம் 41.” இணக்க நிலை, நிபந்தனையை நிறைவேற்றும் வழி, அளக்கும் முறை, சான்று ஆகிய நான்கும் இதில் உள்ளன. “எங்கள் தளம் மிகவும் நம்பகமானது” என்று எழுதினால் மதிப்பெண் இட எதுவும் கிடைக்காது.

நிறைவேற்ற முடியாததை முழு இணக்கம் என்று எழுதக் கூடாது. பகுதி இணக்கமாயின், எது முடியும், எது முடியாது, மாற்றாகத் தருவது என்ன என்பதை அதே வரிசையில் எழுதலாம். ஆனால் கட்டாய நிபந்தனைகளில் விலகல் இருந்தால் ஒப்பந்தப்புள்ளியே நிராகரிக்கப்படும் என்று சில டெண்டர்கள் கூறுவதால், அந்த வாசகம் உண்டா என்று முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.

திருத்த அறிவிப்பு வெளியானால் பிரிவு எண்கள் இடம் மாறக்கூடும். அப்போது அட்டவணையைப் புதிய வாசகத்துடன் வரிசை வரிசையாக ஒப்பிட வேண்டும். பக்க எண்களை ஆவணம் இறுதியான பின்னர் நிரப்புவதே நல்லது. முன்பே நிரப்பினால், கடைசி நேரத்தில் ஒரு பக்கம் கூடினாலும் அதற்குப் பின்னுள்ள எல்லாச் சான்றுக்கும் அட்டவணை தவறான பக்கத்தைக் காட்டும்.