காசநோய் மாத்திரை தொடங்கும் நாளில் சுகர் பார்ப்பது ஏன்?

சளிப் பரிசோதனையில் காசநோய் என்று தெரிந்ததும், மாத்திரை அட்டை கைக்கு வரும் நாளிலேயே விரல் நுனியில் ஒரு குத்து குத்திச் சர்க்கரை அளவையும் பார்த்துவிடுகிறார்கள். "இருமலுக்குத்தானே வந்தேன், சுகர் எதுக்குங்க?" என்று நோயாளிகள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான்.

சர்க்கரை நோய் இருப்பவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகம். காசநோய்க் கிருமி மூச்சோடு உள்ளே போனதும் நுரையீரலின் காற்றறைகளில் இருக்கும் விழுங்கு செல்கள் அதைப் பிடித்து விழுங்குகின்றன. அந்தச் சேதி நிணநீர்க் கணுவுக்குப் போய், அங்கிருந்து தேர்ந்த டி செல்கள் திரண்டு வந்தால்தான் கிருமி அடங்கும். சர்க்கரை நோயுள்ள எலிகளில் பார்த்தபோது இந்தச் சேதி போய்ச் சேரவே தாமதமானது. அந்த இடைவெளியில் கிருமி பெருகிவிடுகிறது. மனிதர்களிலும் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்குச் சளியில் கிருமி மறைய அதிக நாளாகிறது. சிகிச்சை முடிந்த பிறகு நோய் திரும்புவதும், உயிரிழப்பும் அவர்களிடம் கூடுதல்.

தமிழ்நாட்டில் இந்தச் சேர்க்கை அரிதல்ல. காசநோய் சிகிச்சையில் இருந்த சுமார் 800 பேரிடம் இங்கே நடத்தி 2012இல் வெளியான ஆய்வில், நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. இன்னொரு கால்பங்கினர் அதன் வாசலில் நின்றார்கள். உலக சுகாதார நிறுவனம் 2011இலேயே இரு நோய்களையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருந்தது. இந்தியா 2017இல் அதற்கென்று தனிச் செயல்திட்டமே வகுத்தது.

சரி, முதல் நாள் ஊசிக் குத்தில் 212 என்று வந்தால் அவருக்குச் சர்க்கரை நோய் என்று எழுதிவிடலாமா? இங்கேதான் நிதானம் வேண்டும். காய்ச்சலும் கிருமியும் உடம்பை உலுக்கும்போது கார்டிசோல், அட்ரினலின் போன்ற சுரப்புகள் ஏறுகின்றன. கல்லீரல் தன் கையிருப்புச் சர்க்கரையை ரத்தத்தில் கொட்டுகிறது, தசைகள் இன்சுலினுக்குச் சரியாகச் செவி சாய்ப்பதில்லை. சர்க்கரை நோயே இல்லாதவருக்கும் அளவு எகிறும். வெள்ளம் வந்த அன்று ஆற்றின் மட்டத்தை அளந்துவிட்டு, இதுதான் ஆற்றின் ஆழம் என்று சொல்ல முடியாதல்லவா?

ஒரு கற்பனை உதாரணம். தையல் வேலை பார்க்கும் 45 வயதுப் பெண். இரண்டு மாத இருமல், ஆறு கிலோ எடை குறைவு. சாப்பிட்டது சாப்பிடாதது பாராமல் எடுத்த முதல் அளவு 212. மறுநாள் வெறும் வயிற்றில் 131. சர்க்கரை நோய் என்பதற்கான வரம்பு வெறும் வயிற்றில் 126 என்பதால் இது அதையும் தாண்டிவிட்டது. ஆனால் மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.9 சதவீதம்தான். அதற்கான வரம்பு 6.5. அப்படியானால் நோய்க்கு முந்தைய வாரங்களில் அவருக்குச் சர்க்கரை அவ்வளவு உயர்ந்திருக்க வாய்ப்பில்லை. ஏறியது அண்மையில்தான்.

எச்பிஏ1சியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது. அது சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரையை அளப்பது. காசநோயாளிகள் பலருக்கு ரத்தசோகை இருக்கும். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் இந்த எண் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம், சிவப்பணுக்கள் சீக்கிரம் அழிந்தால் குறைத்துக் காட்டலாம். அதனால் ஹீமோகுளோபினையும் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். சின்ன விஷயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மாம்பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் விரலை நீட்டினால் குளுக்கோமீட்டர் அந்தப் பழச்சாற்றையும் சேர்த்தே அளக்கும். சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்த விரலில்தான் குத்த வேண்டும்.

அந்தப் பெண்ணுக்குக் காசநோய் மாத்திரையை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் தொடங்கினார்கள். சுகர் மாத்திரைக்கு அவசரப்படவில்லை, அளவை மட்டும் தொடர்ந்து பார்த்தார்கள். இரண்டு மாதத்தில் சளியில் கிருமி இல்லை, வெறும் வயிற்றில் 108. மூன்றாம் மாதம் 97. பசி திரும்பி எடையும் ஏறியிருந்தது. முதல் நாளே சர்க்கரை நோயாளி என்று முத்திரை குத்தியிருந்தால் தேவையில்லாத மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்கியிருப்பார். ஆனாலும் இப்படி ஏறி இறங்கியவர்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு கூடுதல். சிகிச்சை முடிவிலும், அதன் பிறகு ஆண்டுதோறும் அளவு பார்ப்பது நல்லது.

ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவரின் கதை வேறு. 58 வயதுக்காரர் ஒருவர் பத்து ஆண்டுகளாக மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். காசநோய் மாத்திரை தொடங்கிய அன்று வெறும் வயிற்றில் 148. காய்ச்சல் விட்டுவிட்டது, இருமலும் குறைகிறது, அளவு இறங்க வேண்டும். மூன்றாம் வாரம் பார்த்தால் 196! இனிப்பு சாப்பிட்டீர்களா என்று வீட்டில் எல்லோரும் அவரைக் குடைகிறார்கள். பாவம், அவர் மேல் தப்பில்லை.

காசநோய் மருந்துகளில் முதன்மையான ரிஃபாம்பிசின் (சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்குவது இதுதான்) கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைப் பெருக்கிவிடுகிறது. கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்றவை அந்த நொதிகளால்தான் சிதைகின்றன. ஓரிரு வாரங்களில் நொதிகள் முழு வேகம் பிடித்ததும் அதே மாத்திரையின் அளவு ரத்தத்தில் வெகுவாகக் குறைந்து, அதன் வேலையும் குறைந்துபோகலாம். போதாக்குறைக்குப் பசி வேறு எடுத்து, சாப்பாடும் கூடுகிறது. மெட்ஃபார்மின் அந்த வழியில் சிதைவதில்லை, அப்படியே சிறுநீரில் வெளியேறுவது. அதனால் சிறுநீரகம் நன்றாக இருந்தால் இந்தக் காலத்தில் அதையே அடிப்படையாக வைக்கிறார்கள். அளவு மிக அதிகமாக இருந்தாலோ நோயாளி மிகவும் மெலிந்திருந்தாலோ இன்சுலின்தான். ரிஃபாம்பிசினின் இந்த வேலை இன்சுலினிடம் பலிப்பதில்லை.

நம்முடையவருக்குக் கிளிமிபிரைடை 1 மில்லிகிராமிலிருந்து 2 ஆக உயர்த்தினார்கள். வாரம் இரண்டு முறை வெறும் வயிற்றிலும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வந்தார். இரண்டாம் மாத முடிவில் சளிப் பரிசோதனைக்குப் போனபோது அந்த நோட்டும் கூடவே போனது. வெறும் வயிற்றில் 126, சாப்பிட்ட பின் 172. சாதாரணமாக வைக்கும் இலக்கு 130க்கும் 180க்கும் கீழே என்பதால் மருத்துவர் அப்படியே விட்டார். காலில் எரிச்சல் இருக்கிறதா என்றும் கேட்டார். சர்க்கரை நோயும் நரம்பைத் தாக்கும், காசநோய் மருந்துகளில் ஒன்றான ஐசோனியாசிட் மாத்திரையும் தாக்கும். அதற்குத்தான் கூடவே பிரிடாக்சின் என்ற பி6 வைட்டமின் தருகிறார்கள்.

பலரும் கவனம் தளர விடுவது ஆறு மாதம் முடிந்த பிறகுதான். காசநோய் மாத்திரை நின்றுவிட்டது, வீட்டில் ஒரே மகிழ்ச்சி. அப்புறம் சுமார் இரண்டு வாரத்தில் கல்லீரல் நொதிகள் பழைய நிலைக்கு இறங்குகின்றன. 2 மில்லிகிராம் கிளிமிபிரைடு இப்போது முழு பலத்தோடு வேலை செய்யும். ஒரு விடியற்காலையில் அவர் வியர்த்து, கை நடுங்கி எழுந்தார். மனைவி அளந்து பார்த்தார், 58. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடியும் பார்த்தார், 94. அன்றே மருத்துவமனைக்குப் போய் மாத்திரையை 1 மில்லிகிராமுக்குக் குறைத்து வாங்கி வந்தார்கள். கடைசி காசநோய் மாத்திரை விழுங்கிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்கு அந்த நோட்டை மூடாமல், முன்பு போலவே வாரம் இரண்டு முறை எழுதியிருந்தால், அளவு இறங்கி வருவது அந்த விடியற்காலைக்கு முன்பே தெரிந்திருக்கும்.