50 மூடியில் 4 பழுது: மணி வளைவு எங்கே நம்மை ஏமாற்றுகிறது

பாட்டில் மூடி வார்க்கும் பிளாஸ்டிக் கம்பெனி ஒன்றில் தர ஆலோசகராகப் போய்வந்த நாட்களில், அங்கே இருந்த ஷிஃப்ட் சூப்பர்வைசர் ஒருநாள் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "சார், உங்க சார்ட் சிவப்புக் கோட்டைத் தாண்டுதுன்னு மெஷினை நிறுத்துறோம். மோல்டைத் திறந்து பார்த்தா ஒண்ணுமே இல்ல. மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை இப்படி ஆகுது. ஆளுங்க இப்ப சார்ட்டையே மதிக்க மாட்டேங்கிறாங்க" என்றார்.

அவர் சொன்னது எனக்கு உறைத்தது. ஏனென்றால் அந்தக் கோட்டைப் போட்டுக் கொடுத்தவன் நான்தான். "எட்டு மாதத்துக்கு ஒருமுறைதான் பொய் மணி அடிக்கும்" என்று சொல்லியும் வைத்திருந்தேன்.

கணக்கு இதுதான். ஒவ்வொரு ஷிஃப்டிலும் 50 மூடி எடுத்துப் பார்ப்பார்கள். ஓரம் நிறையாமல் வந்தது, விளிம்பில் பிசிறு ஒட்டியது எல்லாம் பழுது. மெஷின் ஒழுங்காக ஓடும்போது நீண்ட நாள் சராசரி 2 சதவீதம். ஆக n = 50, p = 0.02. எதிர்பார்க்கும் பழுது np = 1. திட்ட விலக்கம் √(np(1−p)) = √0.98, ஏறக்குறைய 0.99. சராசரியோடு மூன்று சிக்மா, அதாவது மூன்று திட்ட விலக்கம், சேர்த்தால் 3.97. எனவே 4 அல்லது அதற்கு மேல் பழுது வந்தால் நிறுத்து என்று எழுதிக் கொடுத்தேன். மணி வளைவில் மூன்று சிக்மாவுக்கு மேலே இருக்கும் பரப்பு 0.00135, அதாவது 741 மாதிரிக்கு ஒன்று. ஒரு நாளைக்கு மூன்று ஷிஃப்ட், மாதம் 90 மாதிரி. வகுத்தால் எட்டு மாதம் வருகிறது. கல்லூரியில் படித்த வரிசை பிசகாமல் செய்திருந்தேன்.

ஒரே இடத்தில்தான் சறுக்கல். இங்கே எண்ணுவது பழுதான மூடிகளை. 0, 1, 2, 3 என்றுதான் வரும், 2.7 மூடி பழுது என்று வராது. எத்தனை பார்க்கிறோம் என்பது முன்பே முடிவானது, ஒவ்வொன்றும் நல்லது அல்லது பழுது, ஒன்று பழுதானதால் அடுத்தது பாதிக்காது, பழுதாகும் வாய்ப்பும் மாறுவதில்லை. இந்த நான்கும் இருந்தால் அது ஈருறுப்புப் பரவல். அதே மூடியின் உள்விட்டத்தை வெர்னியரில் அளந்து மில்லிமீட்டரில் குறித்திருந்தால் விஷயம் வேறு. அளவீடு எந்தத் தசமத்திலும் நிற்கலாம், சின்னச் சின்ன காரணங்கள் பல சேர்ந்து அதை இப்படியும் அப்படியும் தள்ளும், அங்கே மணி வளைவை, அதாவது இயல்நிலைப் பரவலை, முதலிலேயே எடுத்துப் பார்ப்பதில் தவறில்லை. எண்ணியதா, அளந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் சூத்திரத்தைத் தேடவேண்டும்.

எண்ணியதற்கும் மணி வளைவைப் பயன்படுத்தலாம், ஆனால் தோராயமாக. 1733-ல் கணிதவியலாளர் டி மாவர் இதைக் கண்டுபிடித்ததற்குக் காரணமே பெரிய n-க்கு ஈருறுப்பு உறுப்புகளைக் கையால் கூட்டுவது பெரும்பாடு என்பதுதான். தோராயம் என்றால் எவ்வளவு தோராயம் என்று நான் கேட்டிருக்கவேண்டும்.

அன்றிரவு உட்கார்ந்து நேராகக் கணக்கிட்டேன். ஒன்றுகூடப் பழுதில்லாமல் 50-ம் வர வாய்ப்பு 0.98⁵⁰ = 0.364. ஒன்று பழுது 0.372. இரண்டு 0.186. மூன்று 0.061. கூட்டினால் 0.982. மிச்சம் 0.018. மெஷினில் எந்தக் கோளாறும் இல்லாமலேயே 4 அல்லது அதற்கு மேல் பழுது வர இவ்வளவு வாய்ப்பு இருக்கிறது. 56 மாதிரிக்கு ஒன்று, மாதம் 90 மாதிரி என்றால் ஒன்றரைத் தடவை. சூப்பர்வைசர் சொன்னது அச்சு அசலாக அப்படியே வந்தது. நான் சொன்னதைவிட 13 மடங்கு அதிகம்.

எக்ஸெல்லில் இது ஒரே வரி:

```
=1-BINOM.DIST(3,50,0.02,TRUE)
```

இதில் 4 என்று போடாமல் 3 என்று போட்டிருப்பதைக் கவனியுங்கள். TRUE என்று கொடுத்தால் "அதுவரை உள்ள எல்லாம்" என்று அர்த்தம். நாலிலிருந்து மேலே வேண்டுமென்றால் மூன்று வரை உள்ளதைக் கழிக்கவேண்டும். பயிற்சி வகுப்பில் பாதிப் பேர் இங்கே தப்புவிடுவார்கள்.

மணி வளைவு ஏன் இப்படிக் காலை வாரியது? அந்த வளைவு சராசரிக்கு இருபுறமும் சமமாக இறங்குவது. சராசரி 1, திட்ட விலக்கம் 0.99 என்று அதை வரைந்தால் இடப்பக்க வால் பூஜ்யத்தைத் தாண்டி எதிர்மறைக்குள் போகிறது. மூன்று சிக்மா கழித்தால் கீழ் எல்லை −1.97 மூடி! −0.5-க்குக் கீழே மட்டும் பரப்பில் ஆறரை சதவீதம் போய்க் கிடக்கிறது. பூஜ்யத்துக்கும் குறைவான பழுது என்று ஒன்று உலகத்தில் கிடையாது. நிஜப் பரவல் பூஜ்யச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறது. இடப்பக்கம் இடமில்லாததால் வலப்பக்கம் நீளமாக வால் விட்டிருக்கிறது. என் சிவப்புக் கோடு இருந்தது அந்த வாலில்தான். கீழ் எல்லை எதிர்மறையாக வந்தபோது "சரி, பூஜ்யம் என்று வைத்துக்கொள்வோம்" என்று எழுதிவிட்டு நகர்ந்தேன். பாடப்புத்தகங்கள் பலவும் அப்படித்தான் செய்யச் சொல்கின்றன. அந்த எதிர்மறை எண்தான் தோராயம் செல்லாது என்பதற்கு முதல் அடையாளம் என்று யாரும் சொல்லித் தரவில்லை, அல்லது சொன்னபோது நான் தூங்கியிருக்கிறேன்.

தோராயம் பொருந்துகிற இடத்தையும் பார்த்துவிடுவோம். நாணயத்தை 100 முறை சுண்டி, 60 அல்லது அதற்கு மேல் தலை விழ வாய்ப்பு எவ்வளவு? சராசரி 50, திட்ட விலக்கம் 5. நேர்க்கணக்கில் 0.0284. மணி வளைவில் (60−50)/5 = 2 என்று போட்டால் 0.0228, கொஞ்சம் குறைகிறது. 60 என்ற எண்ணை 59.5 முதல் 60.5 வரை அகலமுள்ள ஒரு பட்டையாக நினைத்து, பட்டை தொடங்கும் 59.5-லிருந்து எடுத்தால் 1.9 வரும், விடை 0.0287. இந்த அரை அலகைச் சேர்ப்பதுதான் தொடர்ச்சித் திருத்தம். p பாதியாக இருப்பதால் இருபுறமும் சமம், சுவர்களும் தூரத்தில் இருக்கின்றன. திருத்தத்தோடு எடுத்த விடையை எந்தக் கூச்சமும் இல்லாமல் எழுதலாம்.

என் மூடிக் கணக்கிலும் அந்தத் திருத்தத்தைப் போட்டுப் பார்த்தேன். 3.5-லிருந்து எடுத்தால் 2.53 சிக்மா, பரப்பு 0.0058. உண்மை 0.018. மூன்றில் ஒரு பங்குதான். வடிவமே பொருந்தாத இடத்தில் அரை அலகு சேர்த்து என்ன பயன்!

"np, n(1−p) இரண்டும் 5-க்குக் குறையாமல் இருக்கவேண்டும்" என்று ஒரு விதி உண்டே, அதைப் பார்த்திருந்தால் போதுமே என்பீர்கள். சிலர் 10 என்பார்கள். என்னுடைய np வெறும் 1, எந்த விதிப்படியும் தேறாது. ஆனால் விதியில் தேறியதாலேயே எல்லாம் சரியாகிவிடாது. 2 சதவீதத்துக்கு np = 5 வேண்டுமென்றால் 250 மூடி எடுக்கவேண்டும். அதையும் கணக்கிட்டுப் பார்த்தேன். பழுது 7 வரை வர வாய்ப்பு நேர்க்கணக்கில் 0.869, திருத்தத்தோடு மணி வளைவில் 0.871. அற்புதம். அதே 250-க்கு மூன்று சிக்மாக் கோடு 11.64-ல் விழுகிறது, ஆக 12-லிருந்து மணி அடிக்கும். அதற்கு நேர்க்கணக்கு 0.0050. மணி வளைவு சொல்லும் 0.00135-ஐவிட ஏறக்குறைய நாலு மடங்கு.

அந்த 5 என்ற விதி உடம்புப் பகுதிக்கு ஏற்பட்டது, வால் நுனிக்கு அல்ல. தேர்வுத்தாளில் "7-க்கு மேற்படாமல் இருக்க நிகழ்தகவு காண்க" என்று கேட்டால் அது காப்பாற்றும். ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில் முடிவெடுக்கும்போது p சிறியதாக இருந்தால் np எவ்வளவு என்று பார்த்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். சராசரியிலிருந்து மூன்று சிக்மா கழித்தால் பூஜ்யத்துக்கு மேலே நிற்கிறதா என்று பாருங்கள். 2 சதவீதத்துக்கு அது 441 மூடிக்கு மேல் போனால்தான் நிற்கும். அப்போதும் வால் கொஞ்சம் பிசகும். கம்ப்யூட்டர் மேசையில் இருக்கும்போது நேர்க்கணக்கு போட எனக்கு இப்போது எந்தத் தயக்கமும் இல்லை.

நேர்க்கணக்குக்கும் ஒரு நிபந்தனை உண்டு. பழுதுகள் ஒன்றையொன்று பாதிக்காமல் வரவேண்டும். ஷிஃப்ட் முழுக்கப் பரவலாக எடுக்காமல் 50-ஐயும் ஒரே தொட்டியிலிருந்து அள்ளினால், சூடு குறைந்த சில நிமிடங்களில் வந்த மூடிகள் கும்பலாக மாட்டும். சராசரி அப்படியே இருக்கும், சிதறல் மட்டும் கூடும். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். பழைய பதிவுகளில் ஒவ்வொரு மாதிரியின் பழுது எண்ணிக்கையை எடுத்து மாறுபாட்டைக் கணக்கிட்டு np(1−p)-யோடு ஒப்பிடுங்கள். இங்கே 0.98 வரவேண்டும். அவர்கள் பதிவில் 1.1 வந்தது, கவலையில்லை. அதுவே 2, 3 என்று வந்திருந்தால் ஈருறுப்பும் உதவாது, மணி வளைவும் உதவாது, மாதிரி எடுக்கும் முறையைத்தான் முதலில் திருத்தவேண்டும்.

மறுநாள் போய் விவரத்தைச் சொன்னதும் முதலாளி, "அப்ப நாலை அஞ்சாக்கிடுங்க" என்றார். கோட்டை 5-க்கு உயர்த்தினால் பொய் மணி 0.0032 ஆகக் குறையும், மூன்றரை மாதத்துக்கு ஒன்று. ஆனால் பழுது உண்மையிலேயே 6 சதவீதமாக ஏறிவிட்டால்? கோடு 4-ல் இருந்தால் ஒரு மாதிரியிலேயே பிடிக்க வாய்ப்பு 0.35. 5-ல் இருந்தால் 0.18. பொய் மணியைக் குறைக்கப் போய் நிஜ மணியையும் பாதியாக்கிவிடுவோம். அவருக்கு அதுவும் பிடிக்கவில்லை.

கடைசியில் சூப்பர்வைசர்தான் வழி சொன்னார். "நாலு வந்தா மெஷினை நிறுத்தாம உடனே இன்னொரு அம்பது எடுக்கிறேன் சார். அதுலயும் மூணு வந்தா நிறுத்துறேன்." கணக்கிட்டுப் பார்த்தேன். மெஷின் நன்றாக ஓடும்போது முதல் 50-ல் 4 அல்லது மேல் வர 0.0178. இரண்டாவது 50-ல் 3 அல்லது மேல் வர 0.078. பெருக்கினால் 0.0014. பழுது 6 சதவீதமாக ஏறினால் பிடிபட 0.21, கோட்டை 5-க்கு உயர்த்துவதைவிடக் கொஞ்சம் மேல். கூடுதல் செலவு, மாதத்தில் ஒன்றிரண்டு முறை இன்னொரு 50 மூடி பார்ப்பதுதான்.

0.0014 என்றால் எட்டு மாதத்துக்கு ஒரு பொய் மணி. முதல் நாள் நான் வாக்குக் கொடுத்த அதே எட்டு மாதம். சார்ட்டின் ஓரத்தில் அந்த விதியை அவர் கையாலேயே எழுதி ஒட்டினார்.