ஒரே அண்டி, இரண்டு லாபம்

கருங்கல் பக்கம் அண்டி ஆபீஸ், அதாவது முந்திரி உடைக்கும் ஆலை நடத்தும் இருவரின் கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். புரிவதற்காக எண்களை நானே சின்னதாக வைத்துக்கொள்கிறேன். இருவரும் முதலில் 100 சாக்கு பச்சை முந்திரியைச் சாக்கு 8,000 ரூபாய்க்கு வாங்கினார்கள். விலை ஏறிய பிறகு இன்னும் 100 சாக்கு, 10,000 ரூபாய்க்கு. இருவரும் 120 சாக்கை உடைத்து, பருப்பை 14 லட்சத்துக்கு விற்றார்கள். கூலி, விறகு, மின்சாரம் எல்லாம் சேர்த்து இருவருக்கும் இரண்டரை லட்சம் செலவு. மார்ச் 31 அன்று இருவர் குடோனிலும் 80 சாக்கு மிச்சம்.

ஆனாலும் ஒருவருக்கு லாபம் 1,50,000 ரூபாய், மற்றவருக்கு 70,000 ரூபாய். நிகர லாப விகிதம் ஒருவருக்கு 10.7 சதவீதம், இன்னொருவருக்கு 5 சதவீதம்.

காரணம் மிச்சமிருக்கும் 80 சாக்குக்கு என்ன விலை போடுகிறோம் என்பதுதான். முதலாமவர் 'முதலில் வந்தது முதலில் போகும்' என்ற முறையில் கணக்கு எழுதுகிறார். அதன்படி பழைய விலைச் சரக்கு எல்லாம் உடைத்து முடிந்தது. மிச்சம் இருப்பவை புதிய விலையில் வாங்கியவை. கையிருப்பு 8 லட்சம், உடைத்த அண்டியின் அடக்கவிலை 10 லட்சம். இரண்டாமவர் சராசரி விலை போடுகிறார். சாக்கு 9,000 என்று வைத்தால் கையிருப்பு 7.2 லட்சம், அடக்கவிலை 10.8 லட்சம். அந்த 80,000 ரூபாய் வித்தியாசம் அப்படியே லாபத்தில் வந்து நிற்கிறது. இதில் யாரும் தப்பு செய்யவில்லை. இந்தியக் கணக்கியல் தரநிலை ஏ.எஸ். 2 இரண்டு முறையையும் அனுமதிக்கிறது.

கூடுதல் லாபம் நிலைத்தும் நிற்காது. முதலாமவரின் 8 லட்சம் கையிருப்பு அடுத்த ஆண்டின் தொடக்கச் சரக்காகப் போய், அப்போதைய அடக்கவிலையை 80,000 கூட்டிவிடும். விலை ஏறிக்கொண்டே போனால் மறுபடி வித்தியாசம் தோன்றும், இறங்கினால் தலைகீழாகும். அதனால் இரண்டு நிறுவனங்களை ஒப்பிடும் முன், கணக்குக் கொள்கைகள் என்ற குறிப்பைப் படித்து, ஒருவர் கையிருப்பை மற்றவர் முறைக்கு மாற்றிப் போட்ட பிறகே விகிதத்தைக் கணக்கிட வேண்டும். தேய்மானமும் இதே மாதிரிதான்: ஒருவர் ஆண்டுதோறும் சமத் தொகையாகவும், மற்றவர் குறைந்துவரும் மதிப்பிலும் கழித்தால், ஒரே கட்டிங் மெஷினுக்கு இரண்டு லாபம் வரும்.

அடுத்தது கணக்கு முடிகிற நாள். இங்கே விகிதத்தை அழகாக்க பொய்க் கணக்கு எழுதவே வேண்டாம், தேதி போதும். முதலாமவரிடம் மார்ச் 29 அன்று சரக்கு 8 லட்சம், வரவேண்டியது 4 லட்சம், ரொக்கம் 6 லட்சம் என்று நடப்புச் சொத்து 18 லட்சம் இருக்கிறது. வேண்டும்போது எடுத்துத் திரும்பக் கட்டும் வங்கிக் கடனான கேஷ் கிரெடிட் 9 லட்சம், வியாபாரிகளுக்குத் தரவேண்டியது 3 லட்சம், ஆக நடப்புப் பொறுப்பு 12 லட்சம். சொத்தைப் பொறுப்பால் வகுத்தால் நடப்பு விகிதம் 1.5. மார்ச் 30 அன்று ரொக்கம் 6 லட்சத்தையும் வங்கியில் கட்டிவிட்டால் சொத்து 12, பொறுப்பு 6, விகிதம் 2. ஏப்ரல் 3 அன்று அதே 6 லட்சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இதைத்தான் விண்டோ டிரெஸ்ஸிங் என்கிறார்கள். விகிதம் 1-க்கு மேல் இருந்தால்தான் இது பலிக்கும். சொத்து 9, பொறுப்பு 12 இருப்பவர் 6 கட்டினால் 0.75 என்பது 0.5 ஆகிவிடும், அவர் செய்யமாட்டார்.

கண்டுபிடிக்க வட்டியைப் பாருங்கள். இருப்புநிலைக் குறிப்பு ஒரு நாளின் படம், வட்டியோ ஆண்டு முழுவதும் சேர்ந்த தொகை. ஆண்டு இறுதியில் கடன் 3 லட்சம்தான், ஆனால் லாப நட்டக் கணக்கில் வட்டி 90,000 என்றால், வட்டி வீதம் 10 சதவீதமாக இருக்கும்போது சராசரிக் கடன் 9 லட்சம் என்று ஆகிறது. மார்ச் 15 முதல் ஏப்ரல் 15 வரையான வங்கிக் கணக்கு அறிக்கையைக் கேட்டு வாங்கினால் பணம் போனதும் வந்ததும் தெரிந்துவிடும்.

வட்டி மட்டும் போதாத ஒரு இடமும் உண்டு. கடன் இயல்பாகவே ஏறி இறங்கும் தொழில்களில் ஆண்டு சராசரிக்கும் ஒரு நாள் தொகைக்கும் இடைவெளி இருப்பது சாதாரணம். அங்கே சீசனைப் பார்க்க வேண்டும். நம்ம பக்கம் உள்ளூர் அண்டி வரும் காலத்தின் நடுவிலேயே மார்ச் 31 விழுகிறது. உள்ளூர் அண்டியை நம்பி நடக்கும் ஆபீஸுக்குக் கையில் உள்ள காசெல்லாம் சரக்காகி, கடன் உச்சத்தில் இருக்க வேண்டிய நேரம் அது. அந்த வாரத்தில் போய் அவருடைய கேஷ் கிரெடிட் மிகக் குறைவாகத் தெரிந்தால், பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டே ஆக வேண்டும். தூத்துக்குடி துறைமுகம் வழியாக ஆப்பிரிக்க அண்டி இறக்குபவருக்கு அதே வாரத்தில் குடோன் காலியாக இருக்கலாம். கடன் குறைவது அவருக்கு இயல்பு. இவர்கள் இருவரையும் மார்ச் 31 எண்ணை வைத்து ஒப்பிடாமல், பன்னிரண்டு மாத இறுதி இருப்புகளின் சராசரியை எடுத்துத்தான் ஒப்பிட முடியும்.